எங்கள் 86 பிள்ளைகளுக்குக் கணக்கு மறுக்கப்பட்ட கதை: கற்றல் தளம் வாங்கும் பள்ளிகளுக்கு ஓர் எச்சரிக்கை

ஆறு முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் உள்ள ஒரு தனியார் பள்ளியில் நிர்வாக அலுவலராக இருக்கிறேன். வீட்டுப்பாடம், தேர்வு, மதிப்பெண் மூன்றையும் ஒரே இடத்தில் வைக்கும் இணையக் கற்றல் தளம் ஒன்றை ஜனவரியில் ஓராண்டுக்கு வாங்கினோம். அப்போது எங்களிடம் 612 மாணவர்கள். 650 மாணவர் கணக்குகளும், சீட்டு எனப்படும் 30 ஆசிரியர் கணக்குகளும் வாங்கினோம். 38 கணக்குகள் கூடுதலாகக் கையில் இருந்ததால் ஆண்டு முழுவதும் கவலையில்லை என்று தாளாளரிடம் நான்தான் உறுதி சொன்னேன்.

அந்த உறுதி ஜூன் மாதம் உடைந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து 83 பேரும், பத்தாம் வகுப்பு முடித்து 38 பேரும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போயிருந்தார்கள். பதினொன்றில் 33 பேரும் ஆறாம் வகுப்பில் 91 பேரும் புதிதாகச் சேர்ந்தார்கள். 121 பேர் போய் 124 பேர் வந்ததில் மொத்த எண்ணிக்கை 615. வாங்கிய 650க்குள் தாராளமாக அடங்கும் எண் அது. ஆனால் புதியவர்களின் பட்டியலைப் பதிவேற்றியபோது பதினொன்றாம் வகுப்பின் 33 பெயர்களும் ஆறாம் வகுப்பின் முதல் 5 பெயர்களும் ஏறியதும் தளம் நின்றுவிட்டது. மீதி 86 பெயர்களுக்கும் ஒரே பதில்: உச்சவரம்பு நிறைந்துவிட்டது.

போனவர்களின் கணக்குகளை முடக்கிப் பார்த்தோம். எண் குறையவில்லை. மதிப்பெண் பதிவுகளைத் தனியே இறக்கி வைத்துக்கொண்டு, 121 கணக்குகளையும் அடியோடு நீக்கினோம். அப்போதும் 650 என்றே காட்டியது. உதவி எண்ணை அழைத்த பிறகுதான் காரணம் புரிந்தது. அவர்கள் எண்ணுவது பள்ளியில் இன்று படிக்கும் மாணவர்களை அல்ல. ஒப்பந்தக் காலத்தில் உருவாக்கப்பட்ட கணக்குகளை. ஒருமுறை உருவாக்கிய கணக்கை நீக்கினாலும் அந்த இடம் திரும்பி வராது. அந்தக் கணக்குப்படி 612உடன் 124ஐக் கூட்ட வேண்டும். 736 வருகிறது, 86 கூடுதல்.

"போகிறவர்களை நீக்கிவிட்டு வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று விற்பனைப் பிரதிநிதி என் அறையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் "ஒப்பந்தக் காலத்தில் உருவாக்கப்படும் தனித்த கணக்குகள்" என்று ஒரே வரி இருந்தது. வாய்ச்சொல்லை நம்பி அந்த வரியைக் கடந்து போனேன். ஒப்பந்தம் ஜனவரியில் தொடங்கியதும் எங்களுக்கு எதிராகவே முடிந்தது. நம் கல்வியாண்டு ஜூனில் புரள்கிறது. ஜனவரியில் வாங்கும் பள்ளி ஒரே ஒப்பந்தத்துக்குள் இரண்டு கல்வியாண்டுகளின் பிள்ளைகளுக்குக் கணக்கு உருவாக்க வேண்டியிருக்கிறது. ஜூனில் தொடங்கியிருந்தால் இந்த 86 பேரின் சிக்கல் வந்தே இருக்காது.

ஆசிரியர் சீட்டில் நடந்தது இதைவிட வேதனை. எங்கள் ஆசிரியர்கள் 27 பேர். மீதி 3 சீட்டுகள் அவசரத்துக்கு இருக்கின்றன என்று நினைத்திருந்தோம். தலைமை ஆசிரியை, மதிப்பெண் அட்டை அச்சிடும் எழுத்தர், நூலகர் ஆகிய மூவருக்கும் பார்வையிட மட்டும் கணக்குக் கொடுத்திருந்தோம். மாணவரின் மதிப்பெண்ணைப் பார்க்கக்கூடிய எந்தக் கணக்கும் ஆசிரியர் சீட்டாகவே கணக்கிடப்படும் என்பது பிறகுதான் தெரிந்தது. 30ம் தீர்ந்திருந்தது.

ஜூலையில் கணித ஆசிரியை மகப்பேறு விடுப்பில் சென்றார். சட்டப்படி 26 வாரங்கள். அவருக்குப் பதிலாக வந்த ஆசிரியருக்கு அதே சீட்டை மாற்றித் தரக் கேட்டோம். பணியிலிருந்து விலகினால் மட்டுமே, அதுவும் ஒரே ஒருமுறைதான் பெயர் மாற்ற முடியும் என்றார்கள். வேறு வழியில்லாமல் அம்மையாரின் கடவுச்சொல்லையே புதியவர் பயன்படுத்தினார். அது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். அவர் திருத்திய தாள்கள் எல்லாம் விடுப்பில் இருப்பவர் பெயரில் பதிவாயின. காலாண்டுத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, கணக்கு பகிரப்பட்டதாகச் சொல்லி அந்தச் சீட்டைத் தளம் பூட்டியது. நான்கு பிரிவுகளின் கணிதத் தேர்வைத் தாளில் அச்சடித்து நடத்தினோம்.

ஜூலையில் சீட்டை மாற்றித் தர மறுத்ததுமே நிறுவனத்துக்கு நான் எழுதிய கடிதத்தின் முக்கியப் பகுதியை அப்படியே தருகிறேன். வாங்கும் முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

"ஐயா, மாணவர் உச்சவரம்பு என்பது ஒரு நாளில் செயல்பாட்டில் இருக்கும் கணக்குகளின் எண்ணிக்கையா, ஒப்பந்தக் காலம் முழுவதும் உருவாக்கப்பட்டவற்றின் மொத்தமா? முடக்கியதும் நீக்கியதும் அதில் சேருமா? மாற்றுச் சான்றிதழ் பெற்றவரின் இடத்தைப் புதியவருக்குத் தர எத்தனை நாள் ஆகும்? வரம்பைத் தாண்டினால் பதிவு நிற்குமா, அல்லது பதிவு நடந்து பிறகு கட்டணம் கேட்பீர்களா? கூடுதல் கணக்குக்கு மீதி மாதங்களுக்கு மட்டும் கட்டணமா, முழு ஆண்டுக்குமா? ஆசிரியர் சீட்டு பெயருக்கு உரியதா, பணியிடத்துக்கு உரியதா? நீண்ட விடுப்பில் செல்பவரின் சீட்டைத் தற்காலிகமாக இன்னொருவருக்கு மாற்றி, பழைய பதிவுகள் அவரவர் பெயரிலேயே இருக்கும்படி திரும்பப் பெற முடியுமா? பாடம் நடத்தாத பணியாளரும் பெற்றோரும் எந்த வகையில் எண்ணப்படுகிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு பொருந்தும் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. கூடுதல் கணக்குகள் நூறு நூறாகத்தான் கிடைக்கும், முழு ஆண்டுக் கட்டணம் என்று ஒரே கேள்விக்கு மட்டும் விடை. கணக்குக்கு ரூ. 480 வீதம் 48,000. 18% ஜிஎஸ்டி சேர்த்து ரூ. 56,640. மீதமிருந்தது ஆறு மாதம் கூட இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்து ஏழு வாரம் ஆகியும் வீட்டுப்பாடம் திறக்க முடியாமல் இருந்ததால் பணத்தைக் கட்டினோம். அது நூலகத்துக்கு ஒதுக்கிய தொகை.

வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இலவச முன்னோட்டத்தில் மூன்று மாணவர் கணக்குகளை உருவாக்கி, ஒன்றை முடக்குங்கள், ஒன்றை நீக்குங்கள். நிர்வாகப் பக்கத்தில் பயன்படுத்திய எண் குறைகிறதா என்று மறுநாளும் பாருங்கள். பார்வையிட மட்டும் ஒரு கணக்குத் தொடங்கி ஆசிரியர் எண் கூடுகிறதா என்றும் பாருங்கள். பத்து நிமிட வேலை. முன்னோட்டத்தில் அந்த எண்ணே தெரியாவிட்டால், விலைப்புள்ளியிலேயே எண்ணும் முறையை எழுதிக் கேளுங்கள். சொந்த சர்வரில் மூடுல் என்ற இலவசக் கற்றல் மென்பொருளை நிறுவும் பள்ளிகளுக்கு உரிம எண்ணிக்கை என்ற தொல்லையே கிடையாது. ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், எங்களிடம் இல்லை.

ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஏப்ரல் வரை தாளிலும் பதிவேட்டிலும் ஓட்டுகிறோம். வேறொரு நிறுவனத்துடன் ஜூன் 1 முதல் மே 31 வரை என்று பேசியிருக்கிறோம். "எந்த நாளிலும் செயல்பாட்டில் உள்ள கணக்குகள் மட்டுமே எண்ணப்படும்" என்ற வரியை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். அந்த வரி கையெழுத்தோடு வரும் வரை முன்பணம் தர வேண்டாம் என்று தாளாளரிடம் சொல்லிவிட்டேன்.