கூப்பன், பேங்க் ஆஃபர், கேஷ்பேக் எல்லாம் இருந்தும் 24,084 ரூபாய் ஆன ஃப்ரிட்ஜ்: பணம் கட்டும் முன் படியுங்கள்

மதுரை திருநகரில் ஒரு குடும்பம் தீபாவளி விற்பனையில் ஆன்லைனில் ஃப்ரிட்ஜ் வாங்கியது. பக்கத்தில் போட்டிருந்த விலை 23,990. அதன் மேல் ஆயிரம் ரூபாய் கூப்பன், பேங்க் ஆஃபர், கையில் இருந்த கார்டுக்கு 5 சதவீத கேஷ்பேக். மூன்றும் சரியாக விழுந்திருந்தால் இருபதாயிரத்துக்கும் கீழே முடிந்திருக்கும். ஆறு மாதத் தவணையும் கட்டி முடித்தபின், புகார் செய்து திரும்ப வாங்கியதைக் கழிக்காமல் கணக்குப் பார்த்தால், அவர்கள் கையை விட்டுப் போனது 24,084 ரூபாய். சலுகையே வேண்டாம் என்று போட்ட விலைக்கு வாங்கியிருந்தால்கூட 94 ரூபாய் மிச்சம்.

அந்த விற்பனைத் தளத்தின் பெயரை இங்கே போடவில்லை. இதே வழி பல தளங்களில் இருக்கிறது, அதனால் பணம் எந்தெந்த இடத்தில் கசிந்தது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

முதலில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம். சலுகைகள் ஒரே தொகையின் மேல் எல்லாம் சேர்ந்து விழுவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். கூப்பன் முதலில் கழியும்: 23,990 என்பது 22,990 ஆகும். அந்த மிச்சத்தின் மேல்தான் பேங்க் ஆஃபர். இதில் 20,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 10 சதவீதம், அதிகபட்சம் 2,000 என்பது நிபந்தனை. 22,990-க்குப் பத்து சதவீதம் 2,299 வந்தாலும், உச்சவரம்பு 2,000-இல் நின்றுவிடும். ஆக, கார்டில் போக வேண்டியது 20,990. கேஷ்பேக் இந்தக் கடைசித் தொகைக்குத்தான்: 5 சதவீதம் என்றால் 1,049 ரூபாய் 50 காசு, அது அடுத்த ஸ்டேட்மெண்டில் வரவாகும். நிகர விலை 19,940 ரூபாய் 50 காசு. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பணம் கட்டும் பக்கத்துக்குப் போயிருந்தால், பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

இந்த அடுக்கு நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பேங்க் ஆஃபரும் கேஷ்பேக்கும் ஒரே கார்டில் அமைய வேண்டும். ஆஃபர் ஒரு வங்கிக்கு, கேஷ்பேக் கார்டு வேறு வங்கியுடையது என்றால், இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். அப்போது 2,000 தள்ளுபடியையும், 22,990-க்கான 5 சதவீதமான 1,149 ரூபாய் 50 காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் குடும்பத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரண்டும் ஒரே கார்டில் இருந்தன.

முதல் கசிவு கார்ட்டில், அதாவது வாங்கப் போகும் பொருளைப் போட்டு வைக்கும் கூடையில். ஃப்ரிட்ஜைக் கார்ட்டில் போட்டதும் "சேர்த்து வாங்குவோர்" என்று ஒரு ஸ்டாண்டு (649 ரூபாய்), இரண்டு வருட கூடுதல் வாரண்டி (1,799 ரூபாய்) இரண்டும் டிக் விழுந்தபடியே வந்தன. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில், மடித்து வைத்திருந்த விலை விவரத்துக்குள் ஆஃபர் கையாளும் கட்டணம் என்று 99 ரூபாய் வேறு. மொத்தம் 2,547. மேலே பெரிய எழுத்தில் "3,000 சேமித்தீர்கள்" என்று பச்சையில் காட்டியதால், கீழே கூடியது கண்ணில் படவில்லை. இந்த 2,547-க்குப் பேங்க் ஆஃபரில் ஒரு பைசாகூடக் கழியவில்லை என்பதையும் கவனியுங்கள். உச்சவரம்பு ஃப்ரிட்ஜிலேயே நிரம்பிவிட்டது. உச்சவரம்பு நிரம்பியபின் கார்ட்டில் ஏறும் எதுவும் முழு விலைப் பொருள்தான். "சலுகையோடு சலுகையாக இதையும் வாங்கிவிடலாம்" என்ற நினைப்பு அந்த இடத்தில் தவறு.

கூடுதல் வாரண்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேண்டுமென்றால் அதைத் தனியாக, நிபந்தனை படித்து, பின்னால் வாங்கலாம். கம்பெனி வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வாங்க விடும் திட்டங்கள் உண்டு. ஸ்டாண்டு ஊருக்குள் கடையில் கண்ணால் பார்த்து, கால்களை அழுத்திப் பார்த்து வாங்குகிற பொருள்.

இரண்டாவது கசிவுதான் பலருக்குப் பிடிபடாதது. பணம் கட்டும் பக்கத்தில் "நோ காஸ்ட் இஎம்ஐ, 6 மாதம்" என்பது முதலில் இருந்தது. வட்டி இல்லையே என்று அதை அழுத்தினார்கள். நோ காஸ்ட் என்றால் வங்கி வட்டி போடுவதில்லை என்று பொருள் இல்லை. வங்கி வழக்கம்போல வட்டி போடும், இங்கே ஆண்டுக்கு 16 சதவீதம். அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் முன்கூட்டியே விலையில் தள்ளிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது.

ஃப்ரிட்ஜுக்கான வட்டி சுமார் 946 ரூபாய். அது தள்ளுபடியாக வந்துவிட்டது. ஆனால் வாரண்டி, ஸ்டாண்டு, கட்டணம் இவற்றுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. அவையும் அதே தவணைக்குள் போனதால் அவற்றின் வட்டி 120 ரூபாய் இவர்கள் தலையில். மொத்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 192 ரூபாய், அதை விற்பவர் ஏற்பதில்லை. தவணையாக மாற்ற வங்கி எடுத்த 199 ரூபாய், ஜிஎஸ்டியோடு 235. இவை ஸ்டேட்மெண்டில் தனித்தனி வரிகளாக, தனித்தனி நாளில் வந்ததால் தவணையோடு சேர்த்து யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடி கேஷ்பேக். பெரும்பாலான கேஷ்பேக் கார்டுகளில் இஎம்ஐ செலவுக்குக் கேஷ்பேக் இல்லை. கார்டின் நிபந்தனைகளில் விலக்குகள் என்ற பகுதியில் வாடகை, வாலட், எரிபொருள் இவற்றோடு இதையும் சேர்த்திருப்பார்கள். 1,049 ரூபாய் அங்கே போயிற்று. முழுப் பணமாகக் கட்டிவிட்டு, பிறகு வங்கியிலிருந்து போன் வந்து "இதைத் தவணையாக மாற்றலாமா" என்று கேட்கும்போது சரி என்று சொன்னாலும், பல கார்டுகளில் கொடுத்த கேஷ்பேக்கைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். ஆகவே முடிவை முதலிலேயே எடுங்கள். கையில் பணம் இருந்தால் முழுத் தொகை, கேஷ்பேக்கோடு. பணம் இல்லை, தவணைதான் என்றால் கேஷ்பேக்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஜிஎஸ்டியையும் மாற்றும் கட்டணத்தையும் கூட்டிக்கொண்டு, அந்த விலைக்கு அந்தப் பொருள் தகுமா என்று பாருங்கள். பைபாஸ் ரோட்டுக் கடையில் பேரம் பேசிக் கிடைக்கும் விலையோடு ஒப்பிட வேண்டியதும் இந்த எண்ணைத்தான்.

கிஃப்ட் வவுச்சர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இதே ஃப்ரிட்ஜுக்கு 3,000 ரூபாய் வவுச்சரையும் போட்டிருந்தால், கார்டில் வருவது 19,990. பெரும்பாலான பேங்க் ஆஃபர்களில் 20,000 என்ற குறைந்தபட்சம் கார்டில் கட்டும் தொகைக்குத்தான். பத்து ரூபாய் குறைந்ததால் 2,000 ரூபாய் தள்ளுபடி மொத்தமாகப் போய்விடும். இப்படி எல்லையில் நிற்கும்போது வவுச்சரை வேறு நாளுக்கு வைத்துவிடுவது நல்லது. குறைந்தபட்சத்தை எட்டுவதற்காக வாரண்டியைச் சேர்ப்பதும் பல இடங்களில் பலிக்காது. அது வேறு விற்பவர் பெயரில் போகும் சேவை என்பதால் ஆஃபர் கணக்கில் சேராது.

வாங்கும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். கார்ட்டில் ஒரே பொருளை மட்டும் வையுங்கள். முன்பு போட்டு மறந்த சோப்பு, சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பின்கோடைப் போடுங்கள். திருநகருக்கு 625006 என்று போட்ட பிறகுதான் டெலிவரி கட்டணம் உண்மையாகத் தெரியும். கூப்பனை அழுத்தி, விலையில் கழிந்ததா என்று பாருங்கள். கார்டைத் தேர்ந்து, "முழுத் தொகை" என்பதை நீங்களே அழுத்துங்கள். பேங்க் ஆஃபர் கழிந்த வரி, ஓடிபி வருவதற்கு முந்தைய பக்கத்திலேயே தெரிய வேண்டும். அங்கே விலை விவரத்தை விரித்து, தாளில் எழுதிய 20,990 அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு ரூபாய் கூடினாலும் பின்னால் போய் எது ஏறியது என்று தேடுங்கள். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஓடிபி வரும் குறுஞ்செய்தியிலும் தொகை இருக்கும், அதையும் ஒரு முறை படித்துவிட்டு எண்ணைப் போடுங்கள். "இன்னும் 4 நிமிடம்" என்று ஓடும் கடிகாரத்துக்காக இதில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

தவறிப்போய் ஆர்டர் போட்டுவிட்டால், பொருள் கிளம்பும் முன் ரத்து செய்யலாம். ஆனால் பேங்க் ஆஃபர் ஒரு கார்டுக்கு ஒரு முறை என்று இருக்கும். ரத்து செய்தால் அது திரும்பக் கிடைக்குமா என்று நிபந்தனையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தவணையில் வாங்கியது என்றால், பணம் கார்டுக்குத் திரும்பினாலும் தவணை பல நேரம் தானாக நிற்காது. வங்கியைக் கூப்பிட்டு அதைத் தனியாக ரத்து செய்யச் சொல்ல வேண்டும்.

டிக் விழுந்தபடியே பொருளை ஏற்றுவது சட்டப்படி தப்பு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், முன்பே டிக் போட்ட கட்டத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கின்றன. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள், கேட்காமல் கார்ட்டில் சேர்ப்பதையும், கட்டணத்தைக் கடைசியில் காட்டுவதையும் பெயர் சொல்லியே தடுக்கின்றன. முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவருக்குக் கடமை உண்டு. கூடவே 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.

திருநகர்க் குடும்பம் ஸ்டாண்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பி 649 ரூபாயை வாங்கிவிட்டது. வாரண்டிக்கு, "நீங்களே தேர்ந்தெடுத்தது" என்று தளத்திலிருந்து பதில் வந்தது. டிக் தானாக விழுந்திருந்ததைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் இவர்களிடம் இல்லை. 1915-இல் பதிவு செய்து, இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு 1,799 திரும்பியது. தவணைக் கட்டணமும், ஜிஎஸ்டியும், கேஷ்பேக்கும் போனது போனதுதான்.