கோணிய காலர், பிளந்த பொத்தான் பட்டி: இழுத்துச் சரிசெய்வதா, நகலெடுத்து ஒட்டுவதா?

நீலகிரியில் ஆண்டின் பெரும்பகுதி சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் இருப்பதால், இங்கே எடுக்கும் உருவப்படங்களில் காலரின் ஒரு நுனி வெளியிலும் மற்றொன்று ஸ்வெட்டருக்கு உள்ளேயும் இருப்பது வாடிக்கை. எடுப்பதற்கு முன்பே காலரை நீவிவிட்டு, பொத்தான் பட்டியின் உட்புறம் இருபக்க டேப் ஒட்டிவிட்டால் வேலை அங்கேயே முடிந்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எடுத்து முடித்த படத்தில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஃபோட்டோஷாப்பில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன: Liquify கொண்டு துணியை இழுத்துச் சரிசெய்வது ஒன்று, சரியாக இருக்கும் பகுதியை நகலெடுத்துப் பழுதின் மேல் ஒட்டுவது மற்றொன்று. நான் பெரும்பாலும் இரண்டாவதையே செய்கிறேன்.

முதல் வழியைக் குறை சொல்வதற்கில்லை. வெள்ளையோ ஒரே நிறமோ ஆன சட்டையில் காலர் நுனி சற்றே தூக்கியிருந்தால், அதைவிட விரைவான வழி கிடையாது. லேயரை Smart Object ஆக்கிவிட்டு, கழுத்தையும் தாடையையும் Freeze Mask Tool கொண்டு மூடி, காலரைவிடப் பெரிய தூரிகையுடன் Forward Warp Tool-ஐ எடுத்துச் சிறிது சிறிதாகத் தள்ளினால் போதும். சிறிய தூரிகையால் தள்ளினால் காலரின் நேர்விளிம்பு அலையலையாகிவிடும்.

கட்டம் போட்ட சட்டை வந்தால்தான் சிக்கல். கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு பெரியவரின் படத்தை எடுத்துக்கொள்வோம். நீலக் கட்டச் சட்டை. வலது காலர் நுனி ஸ்வெட்டருக்குள் புதைந்திருந்தது. ஸ்வெட்டரின் கழுத்து ஆழமாக இறங்கியிருந்ததால், இரண்டாம் மூன்றாம் பொத்தான்களுக்கிடையே பட்டி பிளந்து பனியன் தெரிந்தது. “படம் நல்லாத்தான் இருக்கு தம்பி, அந்தப் பனியன் மட்டும் தெரியாம பண்ணிடுங்க” என்றார். பிளவின் அகலம் 40 பிக்சல் என்றால், பட்டியின் விளிம்பை அந்த 40 பிக்சல் இழுத்துத்தான் மூட வேண்டும். விளிம்பை ஒட்டிய 100 பிக்சல் துணி 140 பிக்சலாக விரிகிறது. ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தைவிட ஒன்றரை மடங்கு போலத் தெரிகிறது, நூலிழையும் அந்த இடத்தில் மட்டும் மங்குகிறது. பொத்தான் நீள்வட்டமாகிவிட்டாலும் இழுத்த கதை வெளிப்பட்டுவிடும். காலர் நுனியைப் பொறுத்தவரை இழுப்பதற்கே வழியில்லை: படத்தில் பதியாத துணியை Liquify எங்கிருந்து கொண்டுவரும்?

நகலெடுக்கும் வழியில் துணி விரிவதில்லை. இடது காலர் இதழை Lasso கொண்டு சற்று இடம் விட்டுத் தேர்ந்து, Ctrl+J அழுத்தித் தனி லேயராக்கி, Ctrl+T கொடுத்து Flip Horizontal செய்து வலப்பக்கம் நகர்த்தினேன். கழுத்தைச் சுற்றும் காலர் பட்டியைத் தொடாமல், மடிந்து விழும் இதழை மட்டும் எடுக்க வேண்டும். பட்டியையும் சேர்த்துத் திருப்பினால் மேல் பொத்தான் இரண்டாகிவிடும், சட்டை மூடும் பக்கமும் மாறிவிடும். இதழின் சாய்வை Warp கொண்டு தோளுக்கு ஏற்ப வளைத்து, ஓரங்களை மாஸ்க்கில் மெல்லிய தூரிகையால் கரைத்தால் காலர் அமர்ந்துவிடும். காலருக்குக் கீழே விழும் நிழலை நகலோடு கொண்டுவராமல், Multiply லேயரில் புதிதாக வரைவதே நல்லது.

பிளவுக்கு, கீழே தட்டையாகக் கிடந்த பட்டியின் ஒரு துண்டை அப்படியே மேலே நகர்த்தினேன். இங்கே ஒரு கணக்கு உண்டு: துண்டை முழுக் கட்டங்களின் அளவில்தான் நகர்த்த வேண்டும். அரைக் கட்டம் பிசகினாலும் குறுக்குக் கோடு பட்டியின் ஓரத்தில் ஒடிந்து நிற்கும். அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்திக் கோடுகளைச் சேர்த்துவிடலாம். பொத்தானை நோக்கிக் குவியும் இழுவைச் சுருக்கங்களையும் Healing Brush கொண்டு தணிக்க வேண்டும். பிளவு மூடியபின் அவை அப்படியே நின்றால் சட்டை எதனால் இழுபடுகிறது என்று கண் தேடத் தொடங்கும்.

இந்த வழிக்கும் ஒரு வரம்பு உண்டு. திருப்பிய காலரில் ஒளியும் திரும்பிவிடுகிறது. மேகமூட்டமான நாளில், அகலமான ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்து எடுத்த படத்தில் இரு காலர்களிலும் ஒளி ஏறக்குறைய சமமாக இருப்பதால் இது தெரியாது. எங்கள் ஊர் மூடுபனி இந்த வகையில் உதவிதான். ஒரு பக்க ஃப்ளாஷில் எடுத்த படமானால், முதலில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். நிழல் அழுத்தமாக இருந்தால் திருப்பிய இதழை Curves கொண்டு இருட்டாக்கினாலும் மடிப்புகளின் வெளிச்ச விளிம்பு தவறான பக்கத்தில் மின்னும். அப்போது, நுனி படத்தில் இருக்கும்வரை, நானும் Liquify பக்கம்தான் போவேன். பளபளக்கும் பட்டுச் சட்டைகள் என் கைக்கு அதிகம் வந்ததில்லை. வந்த சிலவற்றில் ஒட்டிய இடத்தின் மினுமினுப்பு சுற்றியுள்ள துணியோடு பொருந்த வெகுநேரம் பிடித்தது.