வாட்டர் மீட்டரும் ஒரு பக்கெட்டும்: ஆறு வருட அனுபவம்

எங்கள் அபார்ட்மென்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர், 15 மி.மீ. அளவு, கிளாஸ் பி என்ற துல்லிய வகை. எல்லா வீட்டு ரீடிங்கையும் கூட்டினால் மெயின் மீட்டரைவிட மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. லீக் எங்கேயும் கிடைக்கவில்லை. சரி, மீட்டரையே சோதிப்போம் என்று என் வீட்டில் ஆரம்பித்தேன்.

பக்கெட்டில் போட்டிருக்கும் லிட்டர் கோட்டை நம்பவே நம்பாதீர்கள். காலி பக்கெட்டை எடை போட்டு, தண்ணீர் பிடித்து மறுபடி எடை போட்டால் கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், நம் ஊர் வெயிலிலும் அதில் ஒரு சதவீதத்துக்கு மேல் பிழை வராது. முதலில் எல்லாக் குழாயையும், ஆர்.ஓ., ஃப்ளஷ் வால்வு உட்பட, மூடிவிட்டுப் பத்து நிமிடம் மீட்டர் நடுவில் இருக்கும் குட்டிச் சக்கரத்தைப் பாருங்கள். அசைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அதைச் சரி செய்யாமல் சோதனையே வேண்டாம்.

குழாயை முழுசாகத் திறந்தபோது 18 லிட்டர் நிரம்ப 90 விநாடி ஆனது, அதாவது மணிக்கு 720 லிட்டர். சிவப்பு முள் காட்டியது 18.1. மூன்று முறை செய்தும் அதேதான், மீட்டர் அருமை என்று விட்டிருப்பேன்.

அப்புறம் குழாயை மெல்லிய நூல் மாதிரி விழவிட்டேன். அதே 18 லிட்டருக்கு 36 நிமிடம், மணிக்கு 30 லிட்டர். மீட்டர் காட்டியது 15.2 மட்டும்! கிட்டத்தட்ட 16 சதவீதம் குறைவு. இந்த வகைப் புது மீட்டருக்கு மணிக்கு 30 லிட்டரிலிருந்து 120 வரை 5 சதவீதமும், அதற்கு மேல் 2 சதவீதமும்தான் கூடக்குறைய இருக்கலாம். இன்னும் குறைத்து, மணிக்கு 5 லிட்டர் சொட்டவிட்டபோது முள் அசையவே இல்லை, அது இந்த மீட்டர் அளக்க வேண்டிய எல்லைக்கே கீழே.

காரணம் உள்ளே சுற்றும் விசிறி. ஆறு வருடத்தில் அதன் ஊசி தேய்கிறது, உப்பு படிகிறது. வேகமாக வரும் தண்ணீர் அந்த உராய்வைத் தள்ளிக்கொண்டு போய்விடும், மெதுவாக வரும் தண்ணீரால் அது முடியாது, விசிறியைச் சுற்றாமலே இடுக்கு வழியாக நழுவிவிடுகிறது. ஒழுகும் ஃப்ளஷ் டேங்க், ஆர்.ஓ. எல்லாம் இப்படித்தான் தண்ணீர் எடுக்கின்றன. அதனால் ஒரு பக்கெட்டை வேகமாக நிரப்பிப் பார்த்து 'மீட்டர் சரி' என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை: மெதுவான சோதனையில் 5 லிட்டரோடு நிறுத்திவிடாதீர்கள். முள்ளை 0.1 லிட்டர் தப்பாகப் படித்தாலே அங்கே 2 சதவீதம் போய்விடும். முக்கால் மணி நேரம் பொறுமையாக உட்காருங்கள்.

போன மாதம் மீட்டரை மாற்றினோம். அதே மெல்லிய ஓட்டத்தில், அதே 18 லிட்டருக்குப் புதியது 17.7 காட்டுகிறது.