ஒரு டிபி ரா ஃபுட்டேஜ் வைத்திருக்க மாதம் எவ்வளவு? கோத்தகிரியிலிருந்து ஐந்து வருடக் கணக்கு

கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இரண்டு நாள் கல்யாணம், இரண்டு கேமரா என்றால் பன்னிரண்டு மணி நேரமாவது பதிவாகிவிடும். நொடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. ட்ரோனும் சேர்ந்தால் ஒரு கல்யாணத்துக்கு 600 ஜிபி. வருடத்துக்குச் சராசரியாக 4 டிபி சேர்கிறது.

2020 டிசம்பரில் 8 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினேன், ஒன்று 17,000 ரூபாய். ஒன்று இங்கே அலமாரியில், அதன் நகல் கோவையில் அக்கா வீட்டில். மலையில் மழைக்காலத்தில் லென்ஸிலேயே பூஞ்சை பிடிக்கிறது, மண்சரிவு பயமும் உண்டு. ஒரே கூரைக்குள் இரண்டு பிரதி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வாங்கிய அன்று போட்ட கணக்கு இது. டிஸ்க்கை முழுக்க அடைக்காமல் 7 டிபி வரை நிரப்புவேன், ஐந்து வருடம் ஓட்டுவேன். 34,000-ஐ 7-ஆலும் 60 மாதத்தாலும் வகுத்தால், இரண்டு பிரதிக்கும் சேர்த்து ஒரு டிபிக்கு மாதம் 81 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றியது.

இந்த 81 பொய்க்கணக்கு என்று பிறகுதான் புரிந்தது. டிஸ்க் முதல் நாளே நிறைந்துவிடாது. வருடம் 4 டிபி என்றால் 7 டிபி நிறைய 21 மாதம் ஆகிறது. அதுவரை சராசரியாகப் பாதி டிஸ்க் காலி, ஆனால் காசு முழுதும் கொடுத்தாயிற்று. கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பாதி ஷட்டரைத் திறக்காமல் வைத்திருப்பது மாதிரி. முதல் 21 மாதத்துக்கு 3.5 டிபி, மீதி 39 மாதத்துக்கு 7 டிபி என்று பெருக்கிக் கூட்டினால் 346.5 வரும். 34,000-ஐ அதனால் வகுத்தால் 98 ரூபாய்.

அப்புறம் 2023 நவம்பர். இங்கிருந்த டிஸ்க்கிலிருந்து ஒரு கல்யாணத்தை எடுக்கப் போனேன். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் வர வேண்டியது 4 எம்பிக்கு இறங்கி, நின்று, மறுபடி ஓடியது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் CrystalDiskInfo-வைத் திறந்து பார்த்தால் மஞ்சள் நிறத்தில் Caution, Current Pending Sector Count பூஜ்யத்தில் இல்லை. அதாவது சில இடங்களை டிஸ்க்கால் படிக்க முடியவில்லை. அந்த நிலையில் ஸ்கேன், ரிப்பேர் என்று எதையும் ஓட்டக்கூடாது, அது மிச்ச உயிரையும் வாங்கிவிடும். நான் ஒயரைக் கழற்றிவிட்டு, புது டிஸ்க் வாங்கி, கோவை போய் அக்கா வீட்டுப் பிரதியிலிருந்து நகலெடுத்தேன். 7 டிபி நகலாகப் பதினாறு மணி நேரம். அந்த நேரம் முழுக்க என் இரண்டு வருட உழைப்புக்கு இருந்தது ஒரே பிரதி, அதுவும் செத்த டிஸ்க்கோடு ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியது. அன்றிரவு தூங்கவில்லை.

புது டிஸ்க் 18,500. டிஸ்க்கைச் செருகிக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டாக் ஒன்று 3,000. வாரண்டி முடிந்திருந்தது. மொத்தம் 55,500 ரூபாய், 346.5-ஆல் வகுத்தால் 160. வாங்கும்போது 81, வாழ்ந்து பார்த்ததில் 160. புது டிஸ்க்குக்கு இன்னும் ஆயுள் மிச்சமிருக்கிறது என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

அந்த இரவுக்குப் பிறகுதான் கிளவுட் விலைகளைப் பார்த்தேன். எப்போது வேண்டுமானாலும் உடனே எடுக்கிற சாதா வகை, அமேசானின் அமெரிக்க சர்வரில் ஒரு டிபிக்கு மாதம் 23 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்து ஜிஎஸ்டியும் சேர்த்தால் 2,300 ரூபாய். நமக்கு ஆகாது. ஆனால் அவர்களிடமே டீப் ஆர்க்கைவ் என்று ஒன்று இருக்கிறது. அது டிபிக்கு 99 சென்ட்தான், வரியோடு 99 ரூபாய். என் டிஸ்க் ஜோடியைவிட மலிவு! முக்கியமான 2 டிபியை ஏற்ற ஆரம்பித்தேன். என் அப்லோட் வேகத்தில் ஒரு கல்யாணத்துக்கு நான்கு இரவு ஆனது.

மூன்றாவது மாதம் 200 ரூபாய் வர வேண்டிய பில் 680 வந்தது. பெரிய ஃபைல்கள் துண்டு துண்டாகத்தான் ஏறும். மரம் விழுந்து கரண்ட் போனால் என் யுபிஎஸ் அரைமணி தாங்கும், அதன்பின் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். நான் ஏற்றப் பயன்படுத்தும் rclone மென்பொருள் மறுபடி அந்த ஃபைலை முதலிலிருந்து ஏற்றும். பாதியில் நின்ற துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே கிடக்கும், அதுவும் 23 டாலர் விலையில். மழைக்கால மூன்று மாதத்தில் 210 ஜிபி அப்படிச் சேர்ந்திருந்தது. விளக்கக் குறிப்பில் எழுதியிருந்ததைப் படிக்காதது என் தப்புதான். இப்போது அந்தத் துண்டுகளை அழிக்க வாரம் ஒருமுறை இது ஓடுகிறது:

```
rclone cleanup arch:raw-kalyanam
```

அடுத்த பாடம் திரும்ப எடுப்பதில். ஒருநாள் பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டார். "அண்ணா, தாத்தா போயிட்டாங்க. கல்யாணத்துல எங்களை ஆசீர்வாதம் பண்ணினது இருக்குமா? படத்திறப்புக்கு வேணும்." டிஸ்க்கிலிருந்து பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். இதையே கிளவுட்டிலிருந்து எடுத்தால் என்ன ஆகும் என்று ஒத்திகை பார்க்கத் தோன்றியது. சேமிப்பு மலிவு, வெளியே எடுப்பதுதான் விலை: மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு 9 சென்ட். தாத்தா இருந்தது மூன்று கிளிப்பில், 22 ஜிபி. இறக்குவது இலவச அளவுக்குள்தான், பன்னிரண்டு மணி நேரத்தில் தயாராக்கித் தரும் கட்டணம் மட்டும் 44 ரூபாய் ஆகும். ஆனால் நான் ஒழுங்காக இருக்கட்டும் என்று கல்யாணத்தை ஒரே ஜிப்பாகக் கட்டி ஏற்றியிருந்தேன். 22 ஜிபிக்காக 600 ஜிபியையும் இறக்க வேண்டும், மலிவான 48 மணி நேர வகையிலேயே 4,660 ரூபாய்!

எல்லாவற்றையும் கிளிப் கிளிப்பாக மறுபடி ஏற்றினேன். பழைய ஜிப்பை அழித்தாலும் 180 நாள் வாடகையைக் கொடுத்தே ஆக வேண்டும், அதையும் கொடுத்தேன். எந்தக் கிளிப்பில் யார் என்று தெரிய, எல்லாவற்றுக்கும் ப்ராக்ஸி, அதாவது தரம் குறைத்த சிறிய பிரதி எடுத்து மேஜை மேலேயே வைத்திருக்கிறேன்.

அப்படியானால் டிஸ்க்கையே விட்டுவிடலாமா? 7 டிபியையும் ஒருசேர இறக்கினால் 64,000 ரூபாய், மூன்று டிஸ்க் விலைக்கும் மேல். இலவச 100 ஜிபியிலேயே எடுக்கிறேன் என்றால் 70 மாதம் காத்திருக்கலாம். அதனால் முழு ஃபுட்டேஜும் டிஸ்க் ஜோடியில்தான் இருக்கிறது. தாலி கட்டுவது, பெரியவர்கள் ஆசீர்வாதம் மாதிரி மறுபடி கிடைக்காத ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மூன்றாவது பிரதியாக மேலே போகிறது. ஜோடி வாங்கும்போதும் இப்போது ஆறு மாத இடைவெளி விட்டு, வேறு வேறு கடையில் வாங்குகிறேன்.

கடைசியாக ஒரு கணக்கு. 600 ஜிபி கல்யாணத்தை 160 ரூபாய் வீதம் ஐந்து வருடம் வைத்திருந்தால் 5,760 ரூபாய். இத்தனை நாள் இதை நான் யாரிடமும் வாங்கவில்லை. போன சீசனிலிருந்து கொட்டேஷனில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ரா ஃபுட்டேஜ் இரண்டு வருடம் வைத்திருப்போம், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு டிஸ்க் வாங்கிக் கொடுங்கள், நகலெடுத்துத் தருகிறோம். பாதிப் பேர் டிஸ்க்கோடு வருகிறார்கள்.