படம் மட்டும் வைப்பதா, வந்த வழியையும் காட்டுவதா?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு கொழும்பு நிறுவனங்களுக்கு வேலை கேட்டு அனுப்பிய என் முதல் போர்ட்ஃபோலியோவில் பன்னிரண்டு படங்கள் இருந்தன. எல்லாம் முடிந்த திரைகள், போன் சட்டத்துக்குள் பளிச்சென்று. இரண்டாவதில் ஒரே ஒரு வேலைதான், அது எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்பதோடு சேர்த்து. இரண்டையும் அனுப்பிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், செயலி வடிவமைப்பு வேலைக்கு இரண்டாவது வகையே நல்லது.

படம் மட்டும் வைப்பதில் உள்ள வசதி தெரிந்ததுதான். ஒரு நாளில் முடியும், பார்ப்பவருக்கும் அரை நிமிடம் போதும். ஆனால் அதைப் பார்த்து இந்தத் திரையை ஏன் இப்படி வைத்தீர்கள் என்று ஒருவரால் கேட்கக்கூட முடியாது. வேறு எப்படி வைத்திருக்கலாம் என்பது அங்கே இல்லையே.

நான் வைத்த வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்து நீரை வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்து விடுவார்கள். அந்த முறையைப் போனில் காட்டும் ஒரு பக்கத்தைப் பயிற்சிக்காக வடிவமைத்தேன். முதலில் வரைந்தது மாத நாட்காட்டி; ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஊரில் ஐந்து கமக்காரரிடம் கொடுத்து, உங்கள் முறை எப்போது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். ஒரு ஐயா போனைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இதெல்லாம் சரி, எங்கட வாய்க்காலுக்கு எப்ப தண்ணி வருது?”

அந்தக் கேள்விதான் திரையை மாற்றியது. நாட்காட்டியைக் கீழே தள்ளிவிட்டு, மேலே பெரிய எழுத்தில் ஒரே வரி வைத்தேன்: “உங்கள் வாய்க்கால்: செவ்வாய் காலை 6 மணி.” அடுத்ததாக, வயல் வரம்பில் வெயிலில் பிடித்தபோது எழுத்து தெரியவில்லை. வெள்ளையில் `#999999` சாம்பல் வைத்திருந்தேன். அதன் ஒளி வேறுபாடு 3:1 கூட வராது. சாதாரண அளவு எழுத்துக்கு, எல்லோரும் வாசிக்கக்கூடியதாக இணையப் பக்கங்களை அமைப்பதற்கான WCAG வழிகாட்டி கேட்பது குறைந்தது 4.5:1. `#595959` ஆக்கியதும் 7:1 வந்தது, வரம்பில் நின்று வாசிக்கவும் முடிந்தது.

போர்ட்ஃபோலியோவில் இந்த இரண்டு முடிவுகள் மட்டுமே இருக்கின்றன. முடிந்த திரையும், யாருக்கு என்ன சிக்கல் என்ற ஒரு வரியும் முதலில் வரும். அப்புறம் கைவிட்ட நாட்காட்டி, அந்த ஐயாவின் கேள்வி, மாற்றிய திரை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நேர்முகத் தேர்வில் பாதி நேரம் அந்த நாட்காட்டியைப் பற்றியே போனது. ஒரே வீட்டுக்கு இரண்டு வாய்க்காலில் வயல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நான் யோசித்திராத கேள்வி. ஆனாலும் கைவிட்ட திரை முன்னால் இருந்ததால், இருவரும் அதைத் தொட்டுப் பேச முடிந்தது.

இந்த வகையிலும் கெட்டுப்போகிற இடம் உண்டு. வகுப்பில் படித்த படிகளை வரிசையாக அடுக்கி, ஒட்டுத்தாள் ஒட்டிய சுவரின் படம், கற்பனைப் பயனரின் படம் என்று நீட்டுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் நீட்டினேன். ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பாருங்கள். இறுதித் திரை ஏன் இப்படி ஆனது என்பது அப்போதும் விளங்கினால், அந்தப் பகுதி தேவையில்லை. நான் இப்படி எடுத்துப் பார்த்ததில் என் பக்கம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது.

தெரிவைத் தீர்மானிப்பது என்னைக் கேட்டால் வேறொன்று: ஆதாரத்தைச் சேர்த்து வைப்பது. முடிந்த படத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கைவிட்டதை அப்படி எடுக்க முடியாது. நான் திரைகளை வரையும் ஃபிக்மா மென்பொருளின் இலவசக் கணக்கில் பழைய பதிப்புகள் 30 நாள்தான் நிற்கும். என்னுடைய முந்தைய வேலை ஒன்றில் பழைய திரைகளின் மேலேயே திருத்திக்கொண்டு போனேன். இன்று அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பழையதை நினைவிலிருந்து திரும்ப வரைந்தால், தோற்பதற்கென்றே வரைந்தது போல இருக்கிறது. பார்ப்பவருக்கும் அது தெரிந்துவிடும். இப்போது ஒன்றை மாற்றுமுன் அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து, திகதியும் காரணமும் ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்ய மனம் இல்லையென்றால் படங்களோடு நிற்பதே நேர்மை.

சின்னம், சித்திரம், கலியாண அழைப்பிதழ் போன்ற வேலைகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் அந்தப் பக்கம் வேலை தேடியதில்லை. வவுனியாவில் அச்சகத்தில் இருக்கும் நண்பன், முதலாளி படத்தைத்தான் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை என்கிறான். இரகசிய ஒப்பந்தம் போட்ட வேலையென்றால் இடைநிலைத் திரைகளை வெளியே காட்டவும் முடியாது. அதற்கு முதலில் வாடிக்கையாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும்.