உணர்வின் பெயரா, மூச்சின் இடமா?

அனிமேஷன் குரல்பதிவுக்கான குறிப்பை இரண்டு விதமாக எழுதலாம். குகை வாசலில் நிற்கும் சிறுவன் தன் அண்ணனிடம், "எனக்கு ஒண்ணும் பயமில்லை, நீ முன்னாடி போ" என்கிறான். வசனத்தின் அருகே "பயத்துடன்" என்று மட்டும் எழுதுவது முதல் விதம். எழுத எளிதுதான், ஆனால் நடிகர் வசனம் முழுவதையும் ஒரே நடுக்கத்தோடு பேசிவிட வாய்ப்பு அதிகம், சிறுவன் பயத்தை மறைக்க முயல்கிறான் என்பது அதில் தொலைந்துவிடும்.

இரண்டாவது விதம் இப்படி இருக்கும்: "பயத்தை மறைக்கிறான். தொடங்குமுன் மூக்கால் சிறு மூச்சு. முதல் பாதி வேகமாக. நடுவில் மூச்சை அடக்கி நிறுத்தம். பின்பாதி மெதுவாக, மிச்சமிருக்கும் காற்றில்." காற்று குறையக் குறையக் குரல் தானாகவே தளர்வதால், நடுக்கத்தை வரவழைக்க வேண்டியதில்லை. நிறுத்தத்தில் "அடக்கி" என்ற சொல் மிக முக்கியம், ஏனெனில் நடிகர் அங்கே புது மூச்சு எடுத்துவிட்டால் "நீ முன்னாடி போ" கட்டளைபோல் உறுதியாக ஒலிக்கும். மறுபடி பதிவு செய்ய வேண்டியதுதான்.

குரலை முதலில் பதிந்து பிறகு வரையும் படத்துக்கு நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன், அந்த மூச்சைக் கேட்டே ஓவியர் தோளசைவை வரைய முடியும். டப்பிங்கில் வாயசைவு முன்பே முடிவானது என்பதால், திரையில் உதடு மூடும் இடத்தைப் பார்த்த பின்னரே நிறுத்தத்தைக் குறிக்க வேண்டும். கூட்டத்தின் கூச்சலுக்கு முதல் விதமே போதும்.