ஈசாப்பைச் சம்பளமாகக் கணக்குப் போட்டு ஏமாந்துவிடாதீர்கள்: எனக்கு நடந்தது

பெரம்பூர், கொளத்தூர், வண்ணாரப்பேட்டை பக்கம் இருந்து தினமும் ரயிலேறி ஐ.டி. வேலைக்குப் போகிற தம்பி தங்கைகள் பலர் இப்போது ஸ்டார்ட்அப் கம்பெனிகளில் ஆஃபர் வாங்குகிறார்கள். அந்த ஆஃபரில் பாதிக்குப் பாதி ‘ஈசாப்’, அதாவது கம்பெனியின் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, என்று போட்டிருந்தால், கையெழுத்துப் போடும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே முறையைப் பல இடங்களில் கையாளுகிறார்கள் என்பதால் பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

2021-இல் என்னிடம் இரண்டு ஆஃபர் இருந்தன. ஒன்று வருடத்துக்கு 17 லட்சம், முழுக்கப் பணம். இன்னொன்று ‘19 லட்சம்’. அதில் 14 லட்சம் பணம், 5 லட்சம் ஈசாப். மொத்தம் 4,000 ஆப்ஷன், அதாவது 4,000 பங்கு வாங்கும் உரிமை, நான்கு வருடத்தில் வருடத்துக்கு 1,000 வீதம் என் கைக்கு வரும் என்றார்கள். கடைசியாக முதலீட்டாளர் போட்ட பணத்தின்படி ஒரு பங்கு 500 ரூபாயாம். 4,000 பெருக்கல் 500, இருபது லட்சம். நான்கால் வகுத்தால் வருடத்துக்கு 5 லட்சம். இதுதான் எச்.ஆர். அனுப்பிய எக்செல் கணக்கு.

அந்தப் பங்கை வாங்க நான் ஒன்றுக்கு 120 ரூபாய் கட்ட வேண்டும் என்பதை அந்தக் கணக்கில் கழிக்கவே இல்லை. அதை நான் கேட்டபோது எச்.ஆர். மேடம் சொன்ன பதில் இன்றைக்கும் நினைவிருக்கிறது: “சார், நிஃப்டி ஆப்ஷன் வாங்கினால் ஒரு மாதத்துக்கே பிரீமியம் கட்டுறீங்க. இது பத்து வருஷ ஆப்ஷன், பிரீமியமே கிடையாது. பத்து வருஷ டைம் வேல்யூ சேர்த்தா 500-க்கு மேலேயே வரும். மோசமா போனா ஜீரோ, நஷ்டம் கிடையாது.”

கேட்க நன்றாக இருக்கும். என் மாமா பல வருடமாக ஆப்ஷன் டிரேடிங் செய்கிறவர், அவரே முதலில் தலையாட்டினார். ஆனால் அந்தப் பதிலில் ஒவ்வொரு வரியும் தவறு. ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் டைம் வேல்யூ. சந்தையில் ஒரு பங்கு 500 ரூபாயில் ஓடுகிறது, அதை 500-க்கே வாங்கும் உரிமை தரும் 500 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன் 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். இந்த நிமிடம் அந்த உரிமையைப் பயன்படுத்தினால் லாபம் ஒன்றுமில்லை. அப்படியும் 30 ரூபாய் கொடுக்க ஆள் இருக்கிறார் என்றால், மீதமிருக்கும் நாட்களில் விலை ஏறலாம் என்ற வாய்ப்புக்குத்தான் அந்த விலை. அதுதான் டைம் வேல்யூ. நாளைக்கு உங்களுக்கு மனசு மாறினால் 29-க்கோ 30-க்கோ இன்னொருவரிடம் விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாம். இந்தியாவில் சந்தை ஆப்ஷன்களை அவை முடிகிற எக்ஸ்பைரி அன்றுதான் எக்சர்சைஸ் செய்ய, அதாவது அந்த உரிமையைப் பயன்படுத்த, முடியும். இடையில் வெளியேற ஒரே வழி விற்பது, விற்கவும் முடியும். விலை திரையில் தெரிகிறது, எதிராளி பணம் தராமல் ஓடிவிட்டாலும் கிளியரிங் கார்ப்பரேஷன் நடுவில் நின்று தீர்த்துவைக்கிறது.

ஈசாப்பில் இது தலைகீழ். வெஸ்டிங் ஆன பிறகு, அதாவது ஆப்ஷன் உங்கள் கைக்கு வந்த பிறகு, எக்சர்சைஸ் செய்யலாம், ஆனால் ஆப்ஷனை விற்க முடியாது. இது கம்பெனியின் விருப்பம்கூட இல்லை, சட்டமே அப்படித்தான்: 2014-ஆம் வருட கம்பெனிச் சட்ட விதிகளில், ஊழியருக்குத் தந்த ஆப்ஷனை மற்றவருக்கு மாற்றவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது என்று இருக்கிறது. விற்க முடியாத ஒன்றின் டைம் வேல்யூ உங்கள் கையில் காசாக மாறாது. எக்சர்சைஸ் செய்கிற நொடியில் பங்கின் விலைக்கும் நீங்கள் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் உங்களுக்கு. மீதி அப்படியே கரைந்துவிடும். இதனால்தான் கணக்கியல் விதிகளே கம்பெனிகளிடம், ஈசாப்பின் மதிப்பைப் போடும்போது பத்திரத்தில் உள்ள பத்து வருடத்தை எடுக்காதே, ஊழியர்கள் உண்மையில் எப்போது எக்சர்சைஸ் செய்வார்கள் என்ற எதிர்பார்ப்பு ஆயுளை எடு என்கின்றன. தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு காலம், என்னிடம் காட்டிய பேப்பரில் ஒரு காலம்!

அந்தப் பத்து வருடமாவது உண்மையா? இதில்தான் என்னை நேரடியாக ஏமாற்றினார்கள். ஆஃபர் லெட்டரில் ‘எக்சர்சைஸ் காலம் 10 ஆண்டுகள்’ என்றுதான் இருந்தது. திட்ட ஆவணத்தைக் கேட்டேன். “சேர்ந்த பிறகு போர்ட்டலில் பார்த்துக்கலாம் சார்” என்றார்கள். சேர்ந்து பார்த்தால், பத்து வருடம் வேலையில் இருக்கும் வரைக்கும்தான். வேலையை விட்டால் கடைசி வேலை நாளிலிருந்து 90 நாள். அவ்வளவுதான். பத்து வருட ஆப்ஷன் ஒரே ராஜினாமாக் கடிதத்தில் மூன்று மாத ஆப்ஷன் ஆகிவிடும்.

அப்புறம் வெஸ்டிங். சந்தையில் வாங்கிய ஆப்ஷன் பணம் கட்டிய அன்றே உங்களுடையது. ஈசாப்பில் கிராண்ட் ஆகி, அதாவது கம்பெனி ஆப்ஷனை முறைப்படி உங்கள் பெயருக்கு ஒதுக்கி, குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் எதுவும் வெஸ்ட் ஆகும், இதுவும் சட்டம். கவனியுங்கள், சேர்ந்த தேதியிலிருந்து இல்லை, கிராண்ட் தேதியிலிருந்து. நான் ஜூன் 2021-இல் சேர்ந்தேன். போர்டு அனுமதி, அது இது என்று இழுத்து கிராண்ட் லெட்டர் டிசம்பரில்தான் வந்தது. ஆறு மாத உழைப்பு கணக்கிலேயே வரவில்லை. எங்கள் டீமில் ஒரு தங்கையை கிராண்ட் ஆகிப் பதினோராவது மாதத்தில் ஆட்குறைப்பில் அனுப்பினார்கள். அவளுக்கு ஒரு ஆப்ஷன்கூட மிஞ்சவில்லை. வெஸ்ட் ஆகாதவை வேலை முடிகிற அன்றே காலாவதி.

நான் பிப்ரவரி 2024-இல் வெளியே வந்தேன். இரண்டு வருடம் எட்டு மாதம் வேலை பார்த்ததற்கு வெஸ்ட் ஆனது 2,000. கூடவே வெளியே வந்த தண்டையார்பேட்டை அண்ணன் ஒருவருக்கும் அதே 2,000. எக்சர்சைஸ் செய்ய என்ன செலவு என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். பங்குக்கு 120 வீதம் 2,40,000 ரூபாய். அதோடு முடியவில்லை. பங்குக்கு மதிப்புப் போட்டுத் தரும் மெர்ச்சன்ட் பேங்கர் அறிக்கைப்படி பங்கின் நியாய மதிப்பு 420. வித்தியாசம் 300 ரூபாய், 2,000 பங்குக்கு 6 லட்சம். இந்த 6 லட்சத்தை வருமான வரிச் சட்டம் சம்பளமாகவே எடுத்துக்கொள்ளும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸோடு சேர்த்து 1,87,200 ரூபாய் வரி. பங்கை விற்று ஒரு பைசா வருவதற்கு முன்பே, எக்சர்சைஸ் செய்யும்போதே பிடித்துவிடுவார்கள். குறிப்பிட்ட அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு இந்த வரியைத் தள்ளிவைக்கும் சலுகை உண்டு, ஆனால் வேலையை விட்டால் அதுவும் அன்றோடு முடியும். ஆக மொத்தம் 4,27,200 ரூபாய், 90 நாளுக்குள். வாங்கும் பங்கை விற்கச் சந்தையும் கிடையாது.

நான் கட்டவில்லை, என் 2,000 ஆப்ஷனும் காலாவதி ஆனது. அண்ணன் நகையை வைத்துக் கட்டினார். “இவ்வளவு நாள் உழைச்சதை விட்டுட்டுப் போக மனசு வரலப்பா” என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஒன்றரை வருடத்தில் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. பங்குக்கு 500 என்று சொன்ன இடத்தில் அண்ணனுக்குக் கிடைத்தது 40. காரணம் இதுதான்: 500 என்பது முதலீட்டாளர்கள் வாங்கிய முன்னுரிமைப் பங்கின் விலை. கம்பெனி விற்கும்போது அவர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அந்தப் பங்குக்கு உண்டு. ஊழியருக்குக் கிடைப்பது சாதாரணப் பங்கு. 100 கோடி முதலீடு வாங்கிய கம்பெனி 120 கோடிக்கு விற்றால், முதல் 100 கோடி அவர்களுக்குப் போக, மிச்சமிருக்கும் 20 கோடிதான் சாதாரணப் பங்குக்காரர்கள் எல்லோருக்கும். இரண்டு பங்கும் ஒரே விலை என்று காட்டுவது சுத்தப் பொய்.

அண்ணனுக்கு 80,000 ரூபாய் வந்தது. வராத லாபத்துக்குக் கட்டிய 1,87,200 வரி திரும்பி வராது. வரிக் கணக்கில் அவருக்கு 7,60,000 ரூபாய் மூலதன நஷ்டம் இருக்கிறது, ஆனால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வேறு மூலதன லாபம் வந்தால் அதில் கழிக்கலாம், மீதியை அடுத்த எட்டு வருடம் வரை கொண்டுபோகலாம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு மூலதன லாபம் எங்கிருந்து வரும்?

இப்போது ‘பிரீமியமே கிடையாது, நஷ்டமே கிடையாது’ என்ற பேச்சுக்கு வருவோம். 17 லட்சத்தை விட்டுவிட்டு 14 லட்சத்துக்குப் போனேனே, அந்த வருடத்துக்கு 3 லட்சம்தான் நான் கட்டிய பிரீமியம். இரண்டு வருடம் எட்டு மாதத்துக்கு 8 லட்சம். சந்தையில் கால் ஆப்ஷன் வாங்குகிறவருக்கும் பிரீமியம் முழுக்கப் போகலாம், உண்மை. ஆனால் அவர் வேறு பத்துப் பங்குகளில் பிரித்து வைக்கலாம், விலை இறங்கும்போது பாதியில் விற்கலாம், விலை இறங்கினால் லாபம் தரும் புட் ஆப்ஷன் ஒன்றை எதிர்ப்பக்கம் வாங்கித் தடுக்கலாம். பட்டியலிடாத கம்பெனியின் ஈசாப்புக்கு இதில் எதுவும் இல்லை. அதோடு கம்பெனி சரியும் நாளில் உங்கள் ஆப்ஷனும் போகும், வேலையும் அதே நாளில் போகும்.

ஆகவே ஆஃபர் வந்தால் திட்ட ஆவணத்தைக் கையெழுத்துக்கு முன்னால் மின்னஞ்சலில் கேளுங்கள். அதில் வேலையை விட்டபின் எத்தனை நாள் என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். சில கம்பெனிகள் இப்போது அதை வருடக்கணக்கில் நீட்டித் தருகின்றன. அப்படி இருந்தால் அந்த ஈசாப் வேறு ரகம். முதலீட்டாளர் கடைசியாகப் பணம் போட்ட ரவுண்டின் விலையைச் சொன்னால், மெர்ச்சன்ட் பேங்கர் போட்ட சாதாரணப் பங்கு மதிப்பையும், முதலீட்டாளர்கள் முதலில் எடுக்கும் தொகை எவ்வளவு என்பதையும் கேளுங்கள். தர மறுத்தால், பணமாக வருவதை மட்டும் வைத்து இரண்டு ஆஃபரையும் ஒப்பிடுங்கள்; வீட்டுக் கடன் ஈ.எம்.ஐ.யையும் அதை வைத்தே போடுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு கம்பெனியில் இருந்து ராஜினாமா யோசிப்பவர்கள், கடிதம் அனுப்பும் முன் போர்ட்டலில் அடுத்த வெஸ்டிங் தேதியைப் பாருங்கள். மூன்று வாரத்தில் 1,000 ஆப்ஷன் வெஸ்ட் ஆகப்போகிறது என்றால், கடைசி வேலை நாள் அதற்கு அப்புறம் விழும்படி கடிதத்தைத் தள்ளிக் கொடுங்கள். நோட்டீஸ் காலத்திலும் வெஸ்டிங் தொடருமா என்பதை ஆவணத்தில் பார்த்துவிட்டு, எச்.ஆர். பதிலையும் எழுத்தில் வாங்கி, கம்பெனி மெயிலில் மட்டும் விடாமல் உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வெளியே வந்த மறுநாள் அந்தப் போர்ட்டல் உங்களுக்குத் திறக்காது.